அப்பத்தாவோட பிபி லாக்ல அந்த 168

பாப்பா,

நேத்து ராத்திரி ஸ்கிரீன்ஷாட்ட பாத்ததும் "168 இருக்குப்பா, மாத்திரைய கூட்டச் சொல்லுங்க"ன்னு பதறிட்ட. போன்ல சொன்னா நடுவுல நடுவுல பேசுவ, அதான் ஒக்காந்து டைப் பண்றேன், ஸ்கிரீன்ஷாட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு படி.

மொதல்ல அந்த செவப்பு வரி. திங்கக்கெழம காலைல 6:10, SYS 168, DIA 86, PUL 96. நீ 168ஐ பாத்த, நான் 96ஐ பாத்தேன். மத்த நாளெல்லாம் காலைல நாடித்துடிப்பு 72லருந்து 76க்குள்ளதான் நிக்குது, அன்னைக்கு மட்டும் ஏன் 96? செல்லூர்ல ஒனக்கு தெரியாததா, கொழாயில தண்ணி வந்துச்சு, நான் எந்திரிக்கிறதுக்குள்ள அப்பத்தா ரெண்டு கொடத்த மாடிக்கு தூக்கிட்டு வந்துட்டாக, வந்த மூச்சோட கைய நீட்டிட்டு எதுத்த வீட்டுக்காரிய வேற வஞ்சுக்கிட்டு இருந்தாக. பேசிக்கிட்டே எடுத்தா ஏறத்தான் செய்யும். அஞ்சு நிமிஷம் சும்மா ஒக்கார வச்சு, முதுக சாய்ச்சு, கைய மேசை மேல நெஞ்சு உயரத்துல வச்சு திருப்பி எடுத்தேன், 154/80, PUL 76. அந்த வரி அதுக்கு கீழயே இருக்கு, கலர் செவப்பா இல்லாததால நீ தாண்டிப் போயிட்ட. அதனால மொத நாள் கணக்கையே விட்டுரு, டாக்டரும் அப்படித்தான் விடச் சொன்னாரு.

இப்ப செவ்வாயிலருந்து ஞாயிறு வரைக்கும் காலைய தனியா எழுதிப் பாரு. 152, 156, 148, 154, 150, 152. சராசரி 152. சாயங்காலம் 6 மணிக்கு எடுத்தது 128, 132, 126, 130, 128, 130. சராசரி 129. ஆனா ஆப் மேல பெருசா என்ன காட்டுது? ரெண்டையும் கலந்து 140 சொச்சம்னு ஒத்த நம்பர். வீட்ல எடுக்குற சராசரிக்கு 135/85ஐ தாண்டுனா கூடன்னு கணக்கு, அப்ப 140 பாத்தா ஏதோ கொஞ்சந்தான் கூடன்னு தோணும், காலைல அம்புட்டு ஏறி நிக்கிறது அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிருச்சு. இந்த ஆப்காரங்க ஏன் காலை மாலைய பிரிச்சு போடமாட்டேங்கிறாங்கன்னு தெரியல.

அது ஏன் காலைல மட்டும்? அப்பத்தா லோசார்டன் 50 போடுறது காலை 8 மணிக்கு. நான் காலைல 6:30க்கு, மாத்திரைக்கு முன்னாடி எடுக்குறேன், அதாவது முந்துன நாள் மாத்திர போட்டு 22 மணி நேரங்கழிச்சு, வேகம் கொறஞ்சு போன நேரம். போதாததுக்கு விடிகாலைல ஒடம்பே பிரஷர கொஞ்சம் ஏத்திவிடும். சாயங்காலம் பத்து மணி நேரந்தான் ஆயிருக்கும், மாத்திர நல்லா வேல செய்யும்.

இதுல நீ சொன்னபடி காலை மாத்திரைய கூட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசி. ஏற்கனவே 129ல இருக்க சாயங்காலம் இன்னும் எறங்கும். அப்பத்தா எந்திரிக்கும்போது சொவத்த பிடிக்கிறத நான் ஒரு வாரமா பாக்குறேன், அதனால ஒக்காந்து எடுத்த கையோட நிக்க வச்சு ஒரு நிமிஷங்கழிச்சும் எடுத்தேன், 128 வந்தது 114 ஆச்சு. 20க்கு மேல எறங்குனாதான் சொல்லணும்னு டாக்டர் சொல்லிருக்காரு, 14னா பக்கத்துலதான் நிக்குது. 81 வயசுல கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சா அந்த 168ஐ விட பெரிய கத.

DIA 80தான இருக்கு, நார்மல்தானன்னும் கேட்ட. வயசானவங்களுக்கு ரத்தக்கொழாய் வெறச்சுப் போகும், ரப்பர் டியூப் பழசானா இருக்குமே அப்படி, அதனால மேல ஏறும், கீழ ஏறாது. கீழ் நம்பர பாத்து மனச தேத்திக்கிற வயசு அப்பத்தாவுக்கு தாண்டிருச்சு.

இன்னைக்கு அந்த ரெண்டு சராசரியையும் நிக்க வச்சு எடுத்ததையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டு டாக்டர்ட்ட போனேன். மாத்திரைய கூட்டல. அதே 50ஐ காலைல 25, ராத்திரி 25னு பிரிச்சு குடுத்தாரு, ரெண்டு வாரம் இதே மாதிரி எழுதிட்டு வாங்கன்னாரு. நாமளா மாத்திரலாம்னு மட்டும் நெனைக்காத, ராத்திரில பாத்ரூமுக்கு எந்திரிக்கிறாகளா, தலை சுத்துதான்னு எம்புட்டோ கேட்டுட்டுத்தான் எழுதுனாரு.

இனி செவப்பு வரி வந்தா PULஐ பாரு, அடுத்த வரிய பாரு. அஞ்சு நிமிஷம் ஒக்கார வச்சு எடுத்தும் 180க்கு மேலயே நின்னா டாக்டருக்கு அன்னைக்கே போன். அதோட நெஞ்சுவலி, வாய் கோணுறது, பேச்சு கொழறுறதுன்னு இருந்தா அடுத்த ரீடிங்குக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன், 108தான்.

நீ கேட்ட மோர்மொளகாய இன்னைக்கு பார்சல் போட்டாச்சு. அப்பத்தாவ தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன், கட்டும்போது எண்ணிப் பாத்தா ஆறு கொறையுது.

அப்பா