தூக்க அட்டவணையைக் காட்டும் முன்: குழந்தை நல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே,

என் மகளின் எட்டாம் மாதப் பரிசோதனையில், "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்குகிறாள்?" என்று கேட்டார்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து 11.5 மணி நேரம் என்றேன். அட்டவணையில் 12 முதல் 16 என்று இருந்தது. "போதாது, சீக்கிரம் படுக்க வையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இரவு 8.30-க்குத் தூங்கி 6 மணிக்கு எழுகிறவளை 7 மணிக்கே படுக்க வைத்தேன். அரை மணி நேரம் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் தூங்கினாள். நடு இரவு 2 மணிக்கு விழித்தாள். அழவில்லை, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். காலையில் வழக்கம்போல 6 மணிக்குச் சிரித்த முகத்தோடு எழுந்தாள். ஒரு வாரம் இதே கதைதான். நோட்டில் குறித்து வைத்ததைக் கூட்டினால் அதே 11.5. தொட்டிலில் கிடந்த நேரம்தான் கூடியது, தூக்கம் கூடவில்லை.

என் அக்கா மகனும் அந்த வயதில் ஏறக்குறைய அவ்வளவுதான் தூங்கினான். ஆனால் அவனைக் காலையில் எழுப்ப வேண்டும், எழுந்ததும் சிணுங்குவான். வண்டியில் ஏறிய சில நிமிடங்களில் கண் சொக்கும், பால் குடிக்கும்போதே தூங்கிவிடுவான். அவனைச் சீக்கிரம் படுக்க வைத்ததும் மொத்தத் தூக்கம் 13 மணி நேரத்துக்கு ஏறியது. முதல் சில நாள் பாக்கித் தூக்கத்தைத் தீர்ப்பதாக இருக்கலாம் என்று பார்த்தால், இரண்டாம் வாரமும் அது குறையவில்லை. அவனுக்குத் தூக்கம் போதாமல் இருந்தது. என் மகளுக்குத் தேவையே குறைவு.

எண் ஒன்றுதான், குழந்தைகள் இரண்டு வகை. அமெரிக்கத் தேசிய தூக்க அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட பரிந்துரையே 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு 12-15 மணி நேரம் என்று சொல்லிவிட்டு, 10-11 மணி நேரமும் சிலருக்குப் பொருந்தலாம் என்கிறது. அந்த இரண்டாவது வரி உங்கள் அறைச் சுவரில் இல்லை.

தயவுசெய்து எண்ணைச் சொல்லும் முன் ஒரு வாரக் குறிப்பைக் கேளுங்கள். காலையில் தானாக எழுகிறதா, எப்படி எழுகிறது என்று கேளுங்கள். மாலைத் துள்ளலை மட்டும் நம்ப வேண்டாம், தூக்கம் போதாத குழந்தையும் அந்நேரத்தில் துள்ளும். அப்புறம், குறட்டை, வாயால் மூச்சு விடுவது, எடை ஏறாமல் இருப்பது, இரவெல்லாம் புரள்வது இருந்தால் 'இவளுக்கு இவ்வளவுதான் தேவை' என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுத் தடையோ இரும்புச்சத்துக் குறைவோ இருக்கலாம், அதைப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

நாங்கள் பழைய 8.30-க்கே திரும்பினோம். நான்காம் இரவிலிருந்து 2 மணி விழிப்பு இல்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்