வீட்டில் கேட்க ஆளில்லாத வீட்டுப்பாடம்

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக நீ போயிருப்பதும், மகனுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்திருப்பதும் மிகுந்த மகிழ்ச்சி. நான் ஆத்தங்குடிப் பக்கத்துப் பள்ளியிலேயே இருக்கிறேன். முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

நான்காம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்து வருவதில்லை, பெற்றோரை அழைத்துச் சொன்னால் ‘நாங்கதான் படிக்கலையே சார்’ என்று கைவிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். செய்யாமல் வருகிற பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பத்துக் கணக்கையும் ஒரே மாதிரித் தப்பாகச் செய்து, அடியில் கோடு போட்டு, அழகாகக் கொண்டுவருகிற பிள்ளைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உள்ள வீட்டில் இரண்டாவது கணக்கிலேயே யாராவது எட்டிப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். நம் பிள்ளைகளின் வீட்டில் அப்படி நிறுத்த ஆளில்லாததால், வகுப்பில் அரைகுறையாகப் புரிந்தது, வீட்டுப்பாடத்தின் பெயரால் பத்து முறை பழகி உறுதியாகிவிடுகிறது. ஆகவே, அந்த எட்டிப் பார்க்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதைத்தான் நாம் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு பிள்ளையின் நோட்டை வைத்தே சொல்கிறேன். அப்பா பூக்கல் பட்டறையில் வேலை செய்கிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், இருவரும் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. நான்காம் வகுப்பில் படிக்கும் அந்தப் பெண் 403 − 158 என்ற கணக்குக்கு 355 என்று எழுதியிருந்தாள். நான்கில் ஒன்று போக மூன்று. அடுத்த இடத்தில் பூஜ்யமும் ஐந்தும் இருப்பதால் ஐந்து. கடைசியில் மூன்றும் எட்டும் இருப்பதால் ஐந்து. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பாராமல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பையனுடைய விடை 345. இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்புப் போடலாம். ஆனால் இரண்டும் ஒரே தப்பு அல்ல. பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்கும் இனமாற்றம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றைப் பதின்மூன்றாக்கினான், பூஜ்யத்தை ஒன்பதாக்கினான், ஆனால் நூறுகளிலிருந்து ஒன்றை எடுத்ததற்கு அடையாளமாக நான்கை மூன்றாகக் குறைக்க மறந்தான். அவனுக்கு ஒரு நிமிடப் பேச்சு போதும். அவளுக்கோ நூறு ரூபாய்த் தாளைப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றும் விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வேறுபாடு நமக்குத் தெரிய வேண்டுமானால் வீட்டுக்குக் கொடுக்கும் கணக்குகளைத் தேர்ந்துதான் கொடுக்க வேண்டும். பத்துக் கணக்கு வேண்டாம், நான்கு போதும். முதலில் இனமாற்றமே தேவைப்படாத 586 − 243. அடுத்து ஒன்றுகளில் மட்டும் இனமாற்றம் வரும் 452 − 127. பிறகு இரண்டு இடத்திலும் வரும் 431 − 158. கடைசியாக நடுவில் பூஜ்யம் உள்ள 403 − 158. முதல் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது உனக்கு உடனே விளங்கும்; மூன்று சரியாகி நான்காவது மட்டும் தப்பினால் சிக்கல் பூஜ்யத்தில் மட்டுந்தான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரே நிலையில் வைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு இடத்தில் தடுக்கி நிற்பதை நோட்டுத்தான் காட்டும். முதல் கணக்கை மணி அடிப்பதற்கு முன்பே, வகுப்பில் என் கண் முன்னால் செய்யச் சொல்கிறேன். அதிலேயே தடுமாறுகிற பிள்ளைக்கு அன்றைய வீட்டுப்பாடத்தை மாற்றிவிடுவேன், ஏனென்றால் தனியாகச் செய்ய முடியாததை வீட்டுக்கு அனுப்புவதில் பொருளில்லை.

இனி அந்த எட்டிப் பார்க்கும் வேலைக்கு வருகிறேன். அதில் ஒரு பங்கைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு விடையோடும் கீழே உள்ள எண்ணைக் கூட்டிப் பார்த்து, மேலே உள்ள எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 355உடன் 158ஐக் கூட்டினால் 513 வருகிறது; 403 வரவில்லை. அந்தப் பையனுடைய 345ஐக் கூட்டினால் 503. சரியாக நூறு கூடுதலாக நிற்பதைப் பார்த்ததும், எந்த இடத்தில் தப்பு என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். கூட்டல் திடமாக இல்லாத பிள்ளைக்கு இந்த வழி உதவாது. அங்கே முதலில் கூட்டலைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. சில பிள்ளைகள் கூட்டாமலேயே மேலே இருக்கும் 403ஐக் கீழே எழுதிவிடுவார்கள். கூட்டலில் மேலே கொண்டுபோன ஒன்று எங்கும் எழுதப்படாமல் விடை மட்டும் சரியாக இருந்தால், அது பார்த்து எழுதியது என்று கொள்ளலாம். நான் திட்டுவதில்லை, அந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்யச் சொல்வேன்.

இன்னொரு பங்கை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். படிக்காதவரிடம் எப்படி என்று நீ கேட்பாய். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்த ஒரு மாலையில் அந்தப் பெண்ணின் அம்மாவிடம், ‘கையில் 403 ரூபாய் இருக்கிறது, 158 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவும்மா?’ என்று வாயால் கேட்டேன். அவர் விரலைக்கூட மடக்கவில்லை. ‘ரெண்டு போட்டா நூத்தி அறுவது, நாப்பது போட்டா இருநூறு, இன்னொரு இருநூறு போட்டா நானூறு, மேல மூணு, எரநூத்தி நாப்பத்தஞ்சு சார்’ என்றார். பக்கத்தில் நின்ற மகள் வாயைப் பிளந்து அம்மாவைப் பார்த்தாள். சந்தையில் மீதிச் சில்லறை வாங்கி வாங்கிப் பழகிய இந்த வழியில் பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்குவதே கிடையாது. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு ஏறிப்போவதுதான் உண்டு. எண்ணை எழுதத் தெரியாதவருக்கு எண் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால்தான், இவ்வளவு நல்ல சரிபார்ப்பு வீட்டிலேயே இருந்தும் பயன்படாமல் போகிறது.

ஆகவே நான்காவது கணக்கை எப்போதும் காசுக் கணக்காகவே கொடுக்கிறேன். பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அம்மா வாயால் விடை சொல்ல வேண்டும். பிள்ளை நோட்டில் தன் விடையையும் அம்மாவின் விடையையும் அடுத்தடுத்து எழுதி வர வேண்டும். இரண்டும் வேறுபட்டால் எதையும் அழிக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. மறுநாள் காலையில் நான் முதலில் பார்ப்பது அப்படி வேறுபட்ட பக்கங்களைத்தான். சில நாள் அம்மாவின் விடையும் தப்பாக இருக்கும். பிள்ளை கணக்கைத் தப்பாகப் படித்துக் காட்டியிருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது, அதுவும் எனக்கு ஒரு செய்தியே. திருப்பூருக்கு வேலைக்குப் போன பெற்றோர் விட்டுச் சென்ற பிள்ளைகள் இங்கே சிலர் உண்டு. அவர்களுக்கு அப்பத்தா கணக்குச் சொல்கிறார், சில வீட்டில் அம்மாவைவிட வேகமாக. மாலையில் பேசும் நிலையில் யாருமே இல்லாத வீடும் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் காலை உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் என் மேசைக்கு வரச் சொல்லி, நானே அந்த விடையைச் சொல்கிறேன்.

தமிழ் வாசிப்புக்கும் ஏறக்குறைய இதே முறைதான். பாடத்தில் ஒரு பத்தியை அம்மாவுக்கோ அப்பத்தாவுக்கோ கேட்கும்படி படிக்கச் சொல்கிறேன். எழுத்துத் தெரியாவிட்டாலும், பிள்ளை எழுத்துக்கூட்டித் தட்டுத் தடுமாறுகிறதா, பேசுவது போலச் சொல்லிப் போகிறதா என்பதைக் காது கண்டுபிடித்துவிடும். படித்தது என்னவென்று கேளுங்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை அந்தக் கேள்வியில் நின்றுவிடும்.

நோட்டில் சிவப்பு மையால் ‘கவனம் இல்லை, பெற்றோர் கவனிக்கவும்’ என்று எழுதும் வழக்கத்தை உன் பள்ளியில் நிறுத்திவிடு. படிக்கத் தெரியாத தகப்பன் அதை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அவர் தெருவில் நின்று சத்தமாகப் படிக்கிறார். அன்றிரவு பிள்ளைக்கு அடி விழுகிறது. மறுநாள் முதல் நோட்டு ‘காணாமல்’ போய்விடும். சொல்ல வேண்டியதை வாயால் சொல். குறையைச் சொல்லும்போது வீட்டில் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல். கூட்டத்தை மதியம் வைத்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் மாலை ஆறு மணிக்கு மேல் வைப்பதே நல்லது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதையும் நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் செல்போன் அப்பாவோடு பட்டறைக்குப் போய்விடுகிறது. அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடும்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டம் எங்கள் பக்கம் வந்தபோது ஊர்த் திண்ணைகளில் மாலை நேரத்தில் பிள்ளைகள் கூடியது உண்மையிலேயே பெரிய உதவியாக இருந்தது. அப்படி யாராவது உன் ஊரில் மாலையில் சொல்லிக்கொடுத்தால் அவர்களிடம் நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: விடையைச் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளையின் தப்பை அப்படியே நோட்டில் விட்டுவைக்கச் சொல். நல்லெண்ணத்தால் திருத்தி அனுப்பப்படுகிற நோட்டு, பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. வீட்டுப்பாடம் முழுதும் சரியாக இருந்து, வகுப்புத் தேர்வில் அதே வகைக் கணக்கு தப்பினால் அதை நீ உணரலாம்.

இந்த முறை எதுவரை செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீள்வகுத்தல் வந்ததும் அம்மாவின் வாய்க்கணக்கு திணறுகிறது. பின்னம் வந்ததும், அரை, கால், முக்கால் தாண்டினால் நின்றுவிடுகிறது. ஆங்கிலப் பாடத்துக்கு வீட்டில் எந்த ஊன்றுகோலும் இல்லை. அதற்கு நான் வீட்டுப்பாடமே கொடுக்காமல் பள்ளி நேரத்திலேயே முடிக்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அறிவியல் வினா விடைகளை ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் அப்படியே எழுதுவதைப் பார்க்கிறேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அரையாண்டு விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். வரும்போது உன் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கழித்தல் நோட்டுகளைத் திருத்தாமல் ஐந்தாறு எடுத்து வா. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்