கரும்புச் சக்கையின் ஈரமும் ஓர் இறுதியாண்டுத் திட்டப்பணியும்: மொரிஷியஸில் உள்ள முன்னாள் மாணவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முன்னாள் மாணவருக்கு,

வணக்கம். மொரிஷியஸிலிருந்து வந்து எங்களிடம் இயந்திரவியல் பயின்று, இன்று அங்கே கரும்பாலையோடு இணைந்த மின்நிலையத்தில் கொதிகலன் பிரிவைக் கவனித்துவரும் உங்களிடம், இறுதியாண்டு மாணவர்களுக்கான திட்டப்பணி ஒன்றைக் கேட்டு எழுதுகிறேன். எல்லா முன்னாள் மாணவர்களுக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்பினால் 'சூரிய ஆற்றல்', 'தானியங்கி நீர்ப்பாசனம்' போன்ற தலைப்புகள்தாம் வந்து சேரும். அத்தகைய தலைப்புகளை எங்கள் ஊர் பிராஜெக்ட் சென்டர்களே அறிக்கையோடு சேர்த்து விற்கின்றன. எனக்கு வேண்டியது தலைப்பு அன்று; விடை இன்னும் தெரியாத, அளந்து பார்க்கக்கூடிய ஒரு கேள்வி.

உங்கள் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். கரும்பைப் பிழியும் கடைசி உருளைத் தொகுதியைவிட்டு வெளிவந்து கொதிகலனில் எரியும் சக்கையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். ஈரம் 50 சதவீதமாக இருந்தால் ஒரு கிலோ சக்கையின் நிகர வெப்பம் சுமார் 7,480 கிலோஜூல். 52 சதவீதமானால் சுமார் 7,080. இதைக் கணக்கிட்டதும் எங்கள் மாணவர்கள், ஈரத்தை இரண்டு புள்ளி குறைத்தால் ஐந்து சதவீதத்துக்கும் மேல் எரிபொருள் மிச்சம் என்று எழுதிவிடுவார்கள். தேர்வாளரும் ஒப்புக்கொண்டுவிடக்கூடும். ஆனால் ஆலைக்கு வரும் கரும்பு மாறவில்லை. ஆகவே சக்கையில் உள்ள உலர்பொருளும் மாறவில்லை. ஈரம் 50 சதவீதமுள்ள 100 கிலோ சக்கையே, 52 சதவீதத்தில் 104 கிலோவுக்குச் சற்று மேல் எடையாகிறது. கூடியது நான்கு கிலோ நீர் மட்டுமே. அதை ஆவியாக்கக் கிலோவுக்குச் சுமார் 2,440 கிலோஜூல் செலவாகிறது. மொத்த வெப்பத்தில் இந்த இழப்பு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. புகைபோக்கி வழியே சூடாக வெளியேறும் கூடுதல் நீராவியையும், ஈரச் சக்கை முழுதாக எரியாமல் போவதையும் சேர்த்தால் இழப்பு கூடும். எவ்வளவு கூடும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அந்த அளவீடுதான் நான் தேடும் திட்டப்பணி.

அறுவடைக் காலத்தில் சக்கையையும் மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரிக்கும் உங்கள் நாட்டு நிலையங்களில், இந்தச் சிறிய சதவீதத்துக்கும் விலை உண்டு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சர்க்கரையைக் கரைத்தெடுக்கச் சக்கைமீது தெளிக்கும் நீரைக் குறைத்தால் ஈரம் ஓரளவு இறங்கலாம், ஆனால் பிழிந்தெடுக்க வேண்டிய சர்க்கரை சக்கையிலேயே தங்கிவிடும். எனவே ஈரத்தை மட்டும் பார்த்துச் செய்யும் பரிந்துரை ஆலைக்கு நட்டத்தையே தரலாம். சக்கையில் தங்கிய சர்க்கரையின் அளவையும் அதே மாதிரியில் பார்த்திருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலேயே மாணவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். கன்வேயர் பட்டையின் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, திறந்த பையில் ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்வதற்குள் அதன் ஈரத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். பட்டையின் முழு அகலத்திலிருந்தும் எடுத்து, உடனே மூடி, எடை பார்த்து, 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளுக்கிடையே ஒரு புள்ளி வேறுபாடு வருமானால், இரண்டு புள்ளி மாற்றத்தைப் பற்றிப் பேச அந்தக் குழுவுக்குத் தகுதி இல்லை. இதை முதல் மாதத்திலேயே அவர்கள் தங்களுக்குத் தாங்களே நிறுவிக்காட்ட வேண்டும் என்று கேட்பேன்.

காலக்கணக்கும் ஒருவகையில் நமக்குச் சாதகமாக அமைகிறது. உங்கள் அறுவடை ஏறக்குறைய ஜூனில் தொடங்கி டிசம்பரோடு முடிந்துவிடும்; எங்கள் மாணவர்கள் முழுநேரமாகத் திட்டப்பணியில் இறங்கும் எட்டாம் பருவம் அதற்குப் பின்புதான் வருகிறது. அப்போது இங்கே பல ஆலைகள் அரைத்துக்கொண்டிருக்கும். ஆகவே மாதிரி எடுப்பதை இங்குள்ள ஆலையில் செய்துவிட்டு, முடிந்துபோன உங்கள் அறுவடைப் பருவத்தின் பதிவேட்டை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம்.

நான் கேட்பது இவ்வளவே. பணிமுறைவாரியாகப் பதிந்த சக்கை ஈரம், தங்கிய சர்க்கரை, தெளித்த நீர், நீராவி உற்பத்தி ஆகியவற்றை நிர்வாகத்தின் ஒப்புதலோடு தர இயலுமா? அரைவைத் தொகையையும் மின்விற்பனைக் கணக்கையும் நீக்கிவிட்டுத் தந்தாலும் போதும். இந்தக் கேள்வி உங்கள் ஆலையில் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதென்றால், அதையும் தயங்காமல் எழுதி, தீராத வேறொன்றைச் சொல்லுங்கள். கொதிகலன் மேடையில் நிற்பவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆய்வகப் பக்கம் பணிபுரியும் நம் கல்லூரித் தமிழ் நண்பர்கள் அங்கே இருந்தால், அவர்களையும் கலந்துகொள்ளுங்கள். ஈரமும் சர்க்கரையும் அவர்கள் கையில்தான் அளக்கப்படுகின்றன.

நவம்பரில் குழுக்களை அமைக்கிறோம். அக்டோபர் முடிவதற்குள் உங்கள் பதில் வந்தால், மூன்று மாணவர்களை இதற்கென ஒதுக்கிவைப்பேன். அவர்கள் பதினைந்து நாளுக்கொருமுறை அனுப்பும் கேள்விகளுக்கு ஒரு பக்கத்துக்குள் விடை எழுத உங்களால் முடியுமா என்பதையும் தெரிவியுங்கள். முடியாதென்றால் பதிவேடு மட்டும் வந்தாலும் பணியைத் தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
கல்லூரி முதல்வர்