படத்தில் கரைசலுக்கு எந்தப் பாத்திரம்?

ஐயா,

வயிற்றுப்போக்கு குறித்துக் கிராமங்களில் திரையிட அனிமேஷன் படம் தயாராகும் செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அதில் ஓ.ஆர்.எஸ். கரைக்கும் காட்சிதான் முக்கியம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை டம்ளரில் கொட்டுவதுபோல் வரைந்தால், பார்ப்பவர்களும் அப்படியே செய்வார்கள். உப்பு மிகுந்த அக்கரைசல் குழந்தைக்குக் கேடு. கிராமச் சுகாதாரச் செவிலியராக நான் சென்ற வீடுகளில் டம்ளர் டம்ளராகக் கலக்குவதே வழக்கம். அளவுக் குவளையைக் கண்டதில்லை.

ஆகவே லிட்டர் தண்ணீர் பாட்டிலையே வரையலாம். முழுப் பொட்டலமும் தண்ணீரில் கரைவதை ஒரே காட்சியாகக் காட்டட்டும். அப்போது பின்னணிக் குரல் வேறெதுவும் பேச வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டுவதும் இடம்பெற வேண்டும். வண்ணம் தீட்டுமுன், கோட்டோவியங்களை ஒலியின்றிச் சில தாய்மார்களுக்குக் காட்டி, அவர்களையே கரைக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

– ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி