அரையிறுதியில் மூன்று பேர்: கேரம் போட்டிக் குழுவுக்கு ஒரு மடல்

அம்மாப்பேட்டை கேரம் போட்டியை நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

நான் உங்கள் போட்டியில் ஆறு வருஷமாக ஆடுகிறவன். நான் தோற்ற பிறகும் போகாமல் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதித் தருவது உங்களுக்கே தெரியும். போன ஆடியில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் மேலும் கோபம் இல்லை, டிரா போட்ட முறை மேல்தான்.

பதிவு செய்தவர்கள் 21 பேர். எவர்சில்வர் குண்டாவில் சீட்டுகளைப் போட்டு இரண்டிரண்டாக எடுத்தீர்கள். பத்து ஆட்டம் போக ஒருவர் மிஞ்சினார், அவருக்குப் பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. ஜெயித்தவர்களோடு சேர்த்து 11 பேர். மறுபடி குலுக்கினீர்கள், ஐந்து ஆட்டம், ஒரு பை. அடுத்து ஆறு பேர், மூன்று ஆட்டம். அரையிறுதிக்கு வந்து நின்றது மூன்று பேர்! அதிலும் ஒருவருக்குச் சீட்டில் பை விழுந்து, டீ குடித்துவிட்டு நேராக இறுதி ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். எதிரில் உட்கார்ந்தவரோ மூன்று கேம் முழுசாக ஆடி, விரல் நகம் சிவந்து வந்தவர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கூத்து இல்லை. 1877-இல் நடந்த முதல் விம்பிள்டனிலும் இதே கதைதான். 22 பேர் பதிவு செய்தார்கள், 22 பதினொன்றாகி, ஆறாகி, மூன்றாகி, மார்ஷல் என்பவர் அரையிறுதி ஆடாமலே இறுதிக்குப் போனார். ஸ்பென்சர் கோர் அரையிறுதியும் ஆடி, இறுதியில் அவரையும் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். சில வருஷங்களில் அங்கே இதைச் சரிசெய்துவிட்டார்கள். பேக்னல் வைல்ட் என்பவர் சொன்ன வழி சின்னதுதான்: பை எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், அதன்பின் யாருக்கும் பை கிடையாது.

நம் 21 பேருக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். 2, 4, 8, 16, 32 என்று இரட்டிக்கும் எண்களில் 21-க்கு மேல் முதலில் வருவது 32. சார்ட்டில் 32 இடம், ஆள் 21, ஆகவே பை 11. முதல் சுற்றில் பத்துப் பேர் ஐந்து ஆட்டம் ஆடுவார்கள். ஜெயித்த ஐவரும் பை வாங்கிய 11 பேரும் சேர்ந்தால் சரியாக 16. அப்புறம் 8, 4, 2. அரையிறுதியில் நான்கு பேர் நிற்பார்கள். மொத்தம் 20 ஆட்டம், ஐந்து சுற்று. போன வருஷம் நீங்கள் நடத்தியதும் 20 ஆட்டம், ஐந்து சுற்றுதான், எண்ணிப் பாருங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார், 20 பேர் வெளியேற 20 ஆட்டம் ஆகத்தான் வேண்டும். போர்டு வாடகையும் அதிகமாகாது, நேரமும் அதிகமாகாது. 11 பை என்றதும் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார், அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இரண்டாவது குறை எனக்கு இதைவிடப் பெரியது. ஏற்காட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு பையன் வந்தான். அவனும் முந்தின வருஷம் ஜெயித்த செவ்வாய்ப்பேட்டைக்காரரும்தான் இருந்ததிலேயே நல்ல ஆட்டக்காரர்கள், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இருவரும் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டார்கள். மூன்றாவது கேமில் ரெட் போட்டுவிட்டு ஃபாலோ விட்டான் பையன், ஆட்டம் போயிற்று. பத்தரை மணிக்கு அவன் மறுபடி பஸ் ஸ்டாண்டில். அன்று சாயங்காலம் இறுதி ஆட்டத்தில் பாதி நாற்காலி காலி.

சும்மா குலுக்கினால் இது அடிக்கடி நடக்கத்தான் செய்யும். 32 பேர் நிறைந்த சார்ட்டில் முதல்தர ஆட்டக்காரரை ஓரிடத்தில் வையுங்கள். இரண்டாமவருக்கு மிச்சம் 31 இடம், அதில் எதிர்ப் பாதியில் இருப்பவை 16. அங்கே விழுந்தால்தான் இருவரும் இறுதியில் சந்திக்க முடியும். ஆக, இரண்டாவது பரிசு இரண்டாமவருக்கே போகும் வாய்ப்பு 31-க்கு 16, ஏறக்குறைய காசு சுண்டுவது போலத்தான். லூயிஸ் கரோல் என்ற பெயரில் கதை எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர் டாட்சன் 1883-இலேயே டென்னிஸ் போட்டிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுச் சண்டை பிடித்தார். நம் 21 பேருக்கும் கிட்டத்தட்ட இதேதான்.

மருந்து சீடிங், அதாவது நல்ல ஆட்டக்காரர்களைக் குலுக்காமல் சார்ட்டில் தள்ளித் தள்ளி முன்பே வைப்பது. நான்கு பேருக்கு மேல் வேண்டாம். முதல் சீடு சார்ட்டின் 1-ஆம் இடம், இரண்டாம் சீடு 32. மூன்றும் நான்கும் 9, 24 ஆகிய இடங்களில். யார் எதில் என்பதை மட்டும் காசு சுண்டி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. இப்படி வைத்தால் கால் பாகத்துக்கு ஒரு சீடு. முதல் நான்கு பையும் இவர்களுக்கு.

“வல்லவனுக்கே பையுமா?” என்று கேட்பார்கள். 11 பேருக்கு எப்படியும் கொடுத்தாக வேண்டும், அதில் நாலு பேர் ஆடிச் சம்பாதித்தவர்களாக இருக்கட்டும். கேரமில் பை முழு லாபமும் இல்லை. எதிராளி ஒரு ஆட்டம் ஆடி, போர்டின் ஓட்டமும் பவுடரும் கைக்குப் பழகி வந்திருப்பான். பை வாங்கினவருக்குப் பத்து நிமிஷம் தட்டிப் பார்க்க நேரம் கொடுங்கள், போதும்.

சீடு யார் என்பதில்தான் கவனம் வேண்டும். போன வருஷ ரன்னர் என்பதற்காகவே ஒருவரைச் சீடு ஆக்காதீர்கள், அவர் எப்படி இறுதிக்கு வந்தார் என்று பார்த்தோமே. கடைசி மூன்று வருஷத்தில் போர்டில் ஆடி ஜெயித்த ஆட்டங்களை மட்டும் எண்ணுங்கள், பையையும் வாக் ஓவரையும் விட்டுவிடுங்கள். நோட்டு என்னிடம் இருக்கிறது. நான்கு பேர் தெளிவாகத் தேறாவிட்டால் இரண்டு பேரோடு நிறுத்துங்கள். பட்டியலைக் குலுக்கலுக்கு முந்தின நாளே ஒட்டிவிட வேண்டும்.

மிச்சம் 17 பேர், 7 பை. பைச் சீட்டையும் பெயரோடு சேர்த்துக் குண்டாவில் போட்டால் பையும் பையும் சோடி சேர்ந்துவிடும், அடுத்த சுற்றிலும் ஒருவர் சும்மா ஏறுவார். ஆகவே முதலில் சார்ட். 32 இடம் என்றால் 16 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஓர் ஆள் கட்டாயம், மீதி ஐந்து பேர் எந்தச் சோடிகளில் சேருவார்கள் என்பதைப் பெயர் எடுக்கும் முன்பே குறித்துவிடுங்கள். கால் பாகத்துக்கு ஒன்று போக மிஞ்சும் ஒன்றுக்கு மட்டும் கால் பாகத்தைக் குலுக்குங்கள். பிறகு பெயர்கள், மேலிருந்து கீழாக, வந்த வரிசையில். ஒரே மன்றத்துப் பையன்கள் முதல் சுற்றில் மோதினால் பின்னால் வந்தவரை அடுத்த காலி இடத்துக்குத் தள்ளலாம், இந்த விதியையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. எக்காரணம் கொண்டும் மறு குலுக்கல் வேண்டாம். ஒருவர் வராவிட்டால் எதிராளிக்கு வாக் ஓவர்.

சீட்டுக்குப் பதில் கேரம் காயினையே பயன்படுத்தலாம் என்பது என் யோசனை. போன வருஷம் ஒரு சீட்டு தடிமனாக மடித்திருந்தது என்று முணுமுணுப்பு எழுந்தது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து 18, எடை ஒன்று, அளவு ஒன்று. அடியில் எண் ஒட்டி மஞ்சப்பைக்குள் போட்டால் தடவிப் பார்த்து எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த ஆடிக்குச் சார்ட்டை நானே அட்டையில் வரைந்து தருகிறேன். பதிவு என்றைக்கு முடிகிறது, எத்தனை பேர் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். 17 பேர்தான் வந்தார்கள் என்றால் 32 இடத்தில் 15 பை, முதல் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம், பார்க்க விசித்திரமாக இருந்தாலும் அதுதான் சரி. 22-க்கு மேல் போனால் இன்னொரு செட் காயின் வேண்டும், அதையும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கோர் நோட்டுக்காரன்