உங்கள் பையிலிருந்து போவது மூன்று நாள் சம்பளம்தான்

பாரிசிலும் புறநகர்களிலும் உணவகமும் கடையும் நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு,

வணக்கம். நான் பதினொரு வருடமாக உங்களைப் போன்றவர்களின் குசினிகளில் வேலை செய்பவன். 2025 மார்ச்சில் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. லீவு கேட்டபோது என் அன்றைய முதலாளி சொன்னது இது: "மூன்று நாள் தரலாம். ஒரு மாதம் சும்மா சம்பளம் தர என்னால் ஏலாது." அவர் கெட்டவர் இல்லை. சட்டத்தைப் பாதிதான் கேள்விப்பட்டிருந்தார். உங்களில் பலரும் அப்படித்தான் என்பதால் எழுதுகிறேன்.

பிரான்சில் 2021 ஜூலை முதல், ஒரு பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு மொத்தம் 28 நாள். முதல் மூன்று வேலை நாளுக்கு மட்டும் முதலாளி முழுச் சம்பளம் தரவேண்டும். மீதி 25 நாளுக்குப் பணம் தருவது அரசின் நோய்க் காப்புறுதி. அந்த நாட்களில் நீங்கள் சம்பளம் போட வேண்டிய கட்டாயம் சட்டப்படி இல்லை. இந்த 25இல் முதல் நான்கு நாள், உங்கள் மூன்று நாளை ஒட்டியே வரவேண்டும். அந்த ஏழு நாளும் அவனை வேலைக்கு வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை, அவன் வாறேன் என்றாலும்கூட. மீதி 21 நாளைப் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுக்கலாம். இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கும் முதலாளி சம்பளம் தரும் அந்த மூன்று நாள் உண்டு. அதைக் கேட்ட ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, காப்புறுதி எவ்வளவு தரும்? லீவுக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சீட்டான பிஷ் து பேயில் உள்ள மொத்தச் சம்பளத்தைக் கூட்டி, அதில் 21 சதவீதம் கழித்து, 91.25ஆல் வகுப்பார்கள். அது வருடத்தின் நாட்களில் கால்பங்கு. அதாவது ஞாயிறும் சேர்த்துத்தான் நாட்கூலி கணக்காகிறது. அதனால் தொகையைப் பார்த்ததும் "ஒரு நாள் உழைப்புக்கு இவ்வளவுதானா" என்று நெஞ்சு திக்கென்னும். ஆனால் வாரத்தில் ஐந்து நாளுக்கல்ல, ஏழு நாளுக்கும் அது வரும். அதில் போகும் சிறிய பிடித்தத்தையும் பார்த்தால், குறைந்தபட்சச் சம்பளக்காரனுக்குக் கையில் வழக்கமாக வருவதை விடக் கொஞ்சம்தான் குறைவு.

என் கணக்கையே சொல்கிறேன். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.88 யூரோ. நான் செய்தது முழுநேரம், உண்மையில் அதற்கும் மேலே. முழுநேரம் என்றால் மாதம் 1,802 யூரோ வரும். மூன்று மாதத்துக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் நாளுக்கு 46.80, 25 நாளுக்கு ஏறத்தாழ 1,170 யூரோ. ஆனால் என் பிஷ் து பேயில் இருந்தது மாதம் சுமார் 87 மணித்தியாலம், 1,030 யூரோ. மிச்சம் உறையில் காசாக வந்தது. அதனால் நாளுக்கு 26.75தான் கிடைத்தது, 25 நாளுக்கு ஏறத்தாழ 669. ஒரு பிள்ளை பிறந்த மாதத்தில் ஐந்நூறு யூரோ காணாமல் போனது. காப்புறுதிக்கு அந்த உறை தெரியாதே.

உறையை வாங்கியவன் நான்தான். வாடகைக்கு உடனே காசு வேண்டும் என்று தலையாட்டியவனும் நான்தான். ஆனால் மணித்தியாலத்தைக் குறைத்து எழுதும் பேனா உங்கள் கணக்காளரான கொன்தாபிளிடம் இருக்கிறது. இன்னும் குறைத்து, மூன்று மாதத்தில் 150 மணித்தியாலத்துக்கும் கீழே எழுதிவிட்டால் அந்தத் தொகைகூட அவனுக்குக் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம் இன்னொன்று. லீவு தொடங்கியதும் நீங்கள் சம்பளச் சான்றை அனுப்பினால்தான் காப்புறுதி கணக்குப் போடும். எனக்கு அது ஏழு வாரம் தாமதமாகப் போனது. கொன்தாபிள் விடுமுறையில் என்றார்கள், பிறகு மறந்துவிட்டார் என்றார்கள். அந்த ஏழு வாரமும் மச்சானிடம் கடன். அந்தச் சான்றை அனுப்ப உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. ஒரு மாதத்துக்கு முன்னரே உங்கள் பையன் திகதி சொல்லிக் கடிதம் தந்தால், "மூன்று நாள்தான்" என்று சொல்லாமல், அன்றைக்கே கொன்தாபிளுக்கு அந்தத் திகதியைத் தெரிவியுங்கள். மனைவி கர்ப்பம் என்று அவன் சொன்ன மாதத்திலிருந்தாவது, அவன் உண்மையில் நின்ற மணித்தியாலத்தைப் பிஷ் து பேயில் எழுதுங்கள். எனக்கு இனிப் பிள்ளை இல்லை. ஆனால் இப்போது நான் நிற்கும் குசினியில் கோப்பை கழுவுகிற பையனின் மனைவிக்கு ஏழாம் மாதம்.

இப்படிக்கு,
ஒரு சமையல்காரன்