கவிழ்ந்ததா, கவிழ்த்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழில் ‘வாவியில் தோணி கவிழ்த்தது’ என்று ஒரு தலைப்பைக் கண்டேன். தோணி எதைக் கவிழ்த்தது என்ற கேள்வியை இது எழுப்புகிறது. தோணி தானாகக் கவிழ்ந்தால் ‘கவிழ்ந்தது’ என்றும், காற்று அதைக் கவிழச் செய்தால் ‘காற்று தோணியைக் கவிழ்த்தது’ என்றும் எழுத வேண்டும். எங்கள் மாணவர்களின் கட்டுரைகளிலும் இதே பிழையைப் பல ஆண்டுகள் திருத்தியவன் என்பதால் எழுதுகிறேன்.

நன்னூல் இறந்தகால இடைநிலைகளாக த், ட், ற், இன் என்பவற்றைத் தருகிறது. பகுபத உறுப்பிலக்கணத்தில் ‘நடந்தான்’ என்பதை நட+த்(ந்)+த்+ஆன் என்று பிரித்து, சந்தியாக வந்த த், ந் ஆனது விகாரம் என்று கற்பிக்கிறோம். ஆனால் எந்த வினையில் இந்த விகாரம் நிகழும், எதில் த்த் அப்படியே நிற்கும் என்று மாணவன் கேட்டால் இந்தப் பிரிப்பில் விடை இல்லை.

விடையைச் செய என்னும் எச்சத்தில் தேடலாம். ‘கவிழ’, ‘கிழிய’, ‘உடைய’, ‘சேர’ என்று க்க இல்லாமல் வருபவை பெரும்பாலும் கவிழ்ந்தது, கிழிந்தது, உடைந்தது, சேர்ந்தது என மெல்லினம் பெறும். ‘கவிழ்க்க’, ‘கிழிக்க’, ‘உடைக்க’, ‘சேர்க்க’ என்று க்க பெறுபவை கவிழ்த்தது, கிழித்தது, உடைத்தது, சேர்த்தது என இரட்டிக்கும். குளக்கட்டு உடையத் தொடங்கியது என்கிறோம், ஆகவே உடைந்தது. மண்வெட்டியால் உடைக்கத் தொடங்கினார்கள் என்கிறோம், ஆகவே உடைத்தார்கள். தன்வினை, பிறவினை என்ற வேறுபாடும் இச்சோடிகளில் அப்படியே அமைந்துவிடுகிறது.

எனினும் இதை எல்லா வினைக்கும் நீட்டக்கூடாது. நடக்க, பறக்க, திறக்க, மறக்க, இழக்க ஆகியவை க்க பெற்றும் நடந்தான், பறந்தது, திறந்தான், மறந்தான், இழந்தான் என்றே வருகின்றன; இவற்றுள் திற, மற, இழ மூன்றும் செயப்படுபொருள் கொள்பவை என்பதால், பொருளை வைத்தும் முடிவு செய்ய இயலாது. பகுதி அகரத்தில் முடிவதே இங்கு அடையாளம். இகர, ஐகார ஈற்றில் படிக்க–படித்தான், நினைக்க–நினைத்தான் என்று இரட்டிப்பதை ஒப்பிட்டால் இது தெளிவாகும். உகர ஈற்றில் எடுத்தான், கொடுத்தான் என்பவற்றுக்கு இடையே ‘இருந்தான்’ தனித்து நிற்கிறது. அகர ஈற்றில் ‘கனத்தது’ விலகுகிறது. இவற்றை மனத்திலிருத்திக்கொள்வதே வழி.

நில்–நின்றான், கல்–கற்றான் என்பவற்றிலும் இதே பிரிவுதான் ஒலி மாறி நிற்கிறது. அது போலவே ஆள்–ஆண்டான், கேள்–கேட்டான்.

எங்கள் வயல்களில் தினமும் ஒலிக்கும் உழுதான், பெய்தது ஆகிய சொற்களில் இரட்டிப்பும் இல்லை, மெல்லினமும் இல்லை. ஒற்றைத் தகரமே உண்டு. ‘உழ’, ‘பெய்ய’ என்பவற்றில் க்க இல்லையே என்று எண்ணி ‘உழுந்தான்’ என்று எழுதிய மாணவனின் தவறு, விதியைச் சரியாகக் கற்றதால் வந்த தவறு. ஆகவே அவனுக்கு மதிப்பெண் குறைப்பதற்கு முன் அதை விளக்குவது ஆசிரியர் கடன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு.